புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம்?
தட்டும் தராசும் – 9

போன ஞாயிறு அக்கா வீட்டில் காலைப் பலகாரம் இட்லி. அக்கா மகன் மூன்று மாதமாக ஜிம்முக்குப் போகிறான். எதைச் சாப்பிட்டாலும் கைப்பேசிச் செயலியில் ஏற்றிவிட்டுத்தான் கையை வைப்பான். இந்த முறை அரிசியையும் உளுந்தையும் அவனே தராசில் நிறுத்து ஊறப்போட்டிருந்தான்.

"மாமா, நாலு இட்லியில 7.24 கிராம் புரோட்டீன்."

"அந்தக் கடைசி 4 எங்கேருந்துடா வந்துச்சு?"

"கணக்குப் போட்டா அப்படித்தானே வருது?"

கணக்கில் தப்பில்லை. 400 கிராம் புழுங்கலரிசி, 100 கிராம் உளுத்தம்பருப்பு. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் புழுங்கலரிசியில் புரதம் 7.81 கிராம், உளுத்தம்பருப்பில் 23.06 கிராம். ஆக அரிசியிலிருந்து 31.24, பருப்பிலிருந்து 23.06, மொத்தம் 54.30. போன தடவை இதே அளவு மாவில் 30 இட்லி வந்ததாம். ஒன்றுக்கு 1.81, நாலுக்கு 7.24.

ஆனால் அதே அட்டவணையில் 7.81-ஐ அடுத்து ஒரு ± குறியும் 0.63 என்ற எண்ணும் அச்சாகியிருக்கின்றன. செயலி அதைக் காட்டுவதில்லை. நாட்டின் ஆறு மண்டலங்களிலிருந்து அரிசி வாங்கிச் சோதித்தபோது ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியது என்பதற்கான அளவு அது. நம் மளிகைக்கடை அரிசி 7.2-ஆகவும் இருக்கலாம், 8.4-ஆகவும் இருக்கலாம். பருப்பின் விலகலையும் சேர்த்தால் மொத்த மாவுக்குச் சுமார் இரண்டரை கிராம், நாலு இட்லிக்கு ஏறக்குறைய 0.35 கிராம். 7.24 என்று எழுதினாலும், நமக்குத் தெரிந்தது 6.9-க்கும் 7.6-க்கும் நடுவில் எங்கோ என்பதுதான். புள்ளிக்கு அடுத்த முதல் இலக்கமே ஆடும்போது இரண்டாவது இலக்கத்துக்கு என்ன வேலை?

இதற்கும் அடியில் இன்னொரு ஆட்டம் இருக்கிறது. ஆய்வகத்தில் பெரும்பாலும் யாரும் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. 1883-இல் டென்மார்க்கின் ஜோஹன் கெல்டால் உண்டாக்கிய முறையில் உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள். புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் பொதுவான பெருக்கெண் 6.25. அரிசிக்கென்று தனியாக 5.95 உண்டு. 1.30 கிராம் நைட்ரஜன் உள்ள அரிசியை முதலாவதால் பெருக்கினால் 8.13 கிராம் புரதம், இரண்டாவதால் பெருக்கினால் 7.74. அரிசி அதேதான், சோதனையும் அதேதான். எந்தப் பெருக்கெண் என்று முடிவு செய்ததிலேயே 0.4 கிராம் நகர்ந்துவிட்டது.

இதெல்லாம் ஆய்வகத்து விவகாரம். சமையலறைக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். அன்றைக்குக் கடைசி ஈடு இறங்கியதும் எண்ணினோம். 30 இல்லை, 28. கரண்டி கொஞ்சம் தாராளமாகப் போயிருக்கிறது. 54.30-ஐ 28-ஆல் வகுத்தால் நாலு இட்லிக்கு 7.76. அதுவரை 7 கிராம் என்றிருந்தது இப்போது 8 கிராமை நெருங்குகிறது. எண்ணிக்கையை நம்புவதைவிட, வெந்த இட்லிகளை மொத்தமாக நிறுத்து, பிறகு தட்டில் வைத்ததை நிறுத்து, அந்த விகிதத்தில் பங்கு பிரிப்பது மேல். கரண்டியால் வரும் பிழை அதில் அநேகமாகப் போய்விடும். அரிசியால் வரும் பிழை போகாது.

அப்படியானால் எல்லாவற்றையும் முதலிலேயே முழு எண்ணாக்கிவிடலாமா? கூடாது. ஒரு இட்லிக்கு 1.81 என்பதை 2 ஆக்கி நாலால் பெருக்கினால் 8. உள்ளபடி பெருக்கி முடிவில் முழுமையாக்கினால் 7. சாம்பாரில் இது எதிர்ப்பக்கம் போகும். தக்காளி, வெங்காயம், முருங்கைக்காய், மல்லித்தழை என ஒவ்வொன்றிலும் 0.4 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக முழுமையாக்கினால் அத்தனையும் பூஜ்யம். இப்படிப் பத்துப் பொருள் சேர்ந்தால் 4 கிராம் காணாமல் போகும். அதனால் கணக்கு நடக்கும்போது தசமங்களை அப்படியே விட்டுவைத்து, கூட்டி முடித்தபின் ஒரே ஒரு முறை வெட்ட வேண்டும். எக்செலில் போடுகிறவர்களுக்கு:

```
=ROUND(SUM(B2:B12),0)
```

ஒவ்வொரு வரியிலும் ROUND போட்டுவிட்டுக் கடைசியில் கூட்டுவது தலைகீழ் வேலை.

முடிவில் வெட்டினாலும் ஒரு குழப்பம் வரும். அக்கா மகனுக்கும் வந்தது. 30 இட்லிக் கணக்கின்படியே நாலு இட்லிக்குப் புரதம் 7.24, கொழுப்பு 0.52, மாவுச்சத்து 47.95. புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 என்று பெருக்கிக் கூட்டினால் 225. முழுமையாக்கிய 7, 1, 48-ஐ வைத்துப் பெருக்கினால் 229. "எது சரி மாமா?" என்றான். 0.52-ஐ 1 ஆக்கியபோது கொழுப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பானதுதான் இந்த நாலு கலோரி. இதில் மெனக்கெட ஒன்றுமில்லை. 4, 9, 4 என்பவையே அமெரிக்காவின் வில்பர் அட்வாட்டர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய ஆய்வுகளிலிருந்து வந்த, பல உணவுகளுக்கும் பொதுவான முழுமையாக்கிய சராசரிகள். அவற்றால் பெருக்கிவிட்டு ஒற்றைக் கலோரிக்கு மல்லுக்கட்ட முடியாது. பத்துக்கு முழுமையாக்குங்கள், 225.4-உம் 230, 229-உம் 230.

முழுமையாக்குவதில் ஏமாற்றும் இடம் பூஜ்யம்தான். அமெரிக்க லேபிள் விதிப்படி ஒரு பரிமாறலில் கொழுப்பு அரை கிராமுக்குக் கீழே இருந்தால் 0 என்று போடலாம். வாணலியில் பீய்ச்சும் சமையல் எண்ணெய் டப்பாவில் ஒரு பரிமாறல் என்பது ஒரு நொடிகூட இல்லாத பீய்ச்சல். உள்ளே இருப்பது எண்ணெய், வெளியே எழுதியிருப்பது கொழுப்பு 0. அதனால் உங்கள் குறிப்பேட்டில் சிறிய அளவுகளுக்கு 0 போடாமல் '1-க்குக் கீழே' என்று எழுதுவது நல்லது.

எத்தனை இலக்கம் போதும் என்பதை அந்த எண்ணை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பதும் தீர்மானிக்கும். மாவுச்சத்தைக் கணக்கிட்டு இன்சுலின் போடுகிறவருக்கு மருத்துவர் 10 கிராமுக்கு 1 யூனிட் என்று சொல்லியிருந்தால், அவருக்கு 47.95-உம் 48-உம் ஒன்றுதான். பேனாவின் ஒரு திருப்பு அரை யூனிட்டோ ஒரு யூனிட்டோதான். ஆனால் 48-ஐ 60 என்று எழுதினால் ஒரு யூனிட்டுக்கு மேல் மாறிவிடும். ஜிம்முக்குப் போகும் பையனுக்கு அவ்வளவுகூட வேண்டாம். நாள் மொத்தத்தில் புரதத்தை 5 கிராமுக்கும் கலோரியை 50-க்கும் முழுமையாக்கினால் அவனுடைய எந்த முடிவும் மாறப்போவதில்லை.

28 இட்லிக் கணக்கைத் திரும்பப் போட்டு, "4 இட்லி, புரதம் 8, மாவுச்சத்து 51, கொழுப்பு 1-க்குக் கீழே, 240" என்று எழுதினான். அதற்குள் அக்கா மிளகாய்ப்பொடியில் குழி பறித்து நல்லெண்ணெயைப் போத்தலிலிருந்து நேராக ஊற்றிக்கொண்டிருந்தாள். எவ்வளவு ஊற்றினாய் என்று கேட்டதற்கு, "கொஞ்சம்தான்டா" என்றாள். ஒரு டீஸ்பூன் என்றால் சுமார் 40 கலோரி, மூன்று என்றால் 120. அவன் கைப்பேசியை வைத்துவிட்டு தராசை எடுத்துவரப் போனான்.

(தொடரும்)