தக்காளி 90 ரூபாயா, 71 ரூபாயா?

நுகர்வோர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று உறுப்பினர்களுக்கு அனுப்பிய காய்கறி விலைச் சுருக்கத்துக்கு ஆட்சேபணை தெரிவிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. தாளின் மேலே தக்காளியின் சராசரி விலை கிலோ 90 ரூபாய் என்று இருக்கிறது, அடியில் 71 என்று இருக்கிறது. இதில் எது பொய்?

இரண்டும் பொய்யில்லை. மேலே இருப்பது எளிய சராசரி. எந்தக் கடையில் எவ்வளவு விற்றது என்று கேட்காமல் எல்லாக் கடைக்கும் ஆளுக்கொரு ஓட்டுப் போட்டுச் சொன்ன விலை அது. அடியில் இருப்பது நிறையிட்ட சராசரி. மொத்த விற்பனைத் தொகையை விற்ற மொத்தக் கிலோவால் வகுத்தது. இதில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு ஓட்டு.

மலிவான கடையில் கூட்டம் குவியும்போது இரண்டுக்கும் இடைவெளி பெரிதாகும். 2023 ஜூலையில் வெளிச்சந்தையில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டியபோது, பண்ணைப் பசுமைக் கடைகளிலும் சென்னையின் 82 ரேஷன் கடைகளிலும் அரசு அதைக் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது நினைவிருக்கும். அதே மாதிரி ஒரு நிலையைக் கற்பனை செய்துகொள்வோம். மானியக் கடையில் 60 ரூபாய்க்கு 700 கிலோ விற்கிறது. சந்தைக் கடையில் 90 ரூபாய்க்கு 150 கிலோ, தெருமுனைக் கடையில் 100 ரூபாய்க்கு 100 கிலோ, சூப்பர் மார்க்கெட்டில் 110 ரூபாய்க்கு 50 கிலோ. நான்கு விலைகளின் எளிய சராசரி 90. விற்ற 1,000 கிலோவுக்கு மக்கள் கொடுத்தது 71,000 ரூபாய், அதாவது கிலோவுக்கு 71.

இது வரைக்கும் சிக்கல் இல்லை. என்னைக் கலங்க வைப்பது, அடுத்த வாரத்தோடு ஒப்பிடும்போது நடப்பதுதான்.

2-வது வாரம் மானியக் கடைக்கு லாரி சரியாக வரவில்லை என்று வையுங்கள். எந்தக் கடையும் விலையை மாற்றவில்லை. ஆனால் மானியக் கடையில் 400 கிலோதான் விற்றது. வெறுங்கையோடு திரும்பியவர்கள் மீதி 300 கிலோவைச் சந்தைக் கடையில் வாங்கினார்கள். எளிய சராசரி அசையாமல் 90-லேயே நிற்கிறது. நிறையிட்ட சராசரியோ 80 ஆகிவிட்டது. சராசரியாகக் கிலோவுக்கு 9 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களிடம், “விலையில் மாற்றமில்லை” என்று மேல்வரியைக் காட்டலாம்.

3-வது வாரம் லாரி வந்துவிட்டது. விற்பனை அளவு முதல் வாரத்து அளவுக்கே திரும்புகிறது. ஆனால் 4 கடைகளும் கிலோவுக்கு 4 ரூபாய் ஏற்றிவிட்டன. எளிய சராசரி 94. நிறையிட்ட சராசரி 75. ஒரு கடைகூட விலையைக் குறைக்கவில்லை, எல்லாரும் ஏற்றியிருக்கிறார்கள். ஆனாலும் அடிவரியைப் படித்தால் போன வாரத்தைவிட 5 ரூபாய் இறங்கியிருக்கிறது! “எங்கள் நடவடிக்கையால் விலை குறைந்தது” என்ற அறிக்கைக்கு இந்த ஒரு வரி போதும். கணக்கில் பிழை கண்டுபிடிக்கவும் முடியாது.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 3-வது வாரத்து விலைகளை 2-வது வாரத்துக் கிலோக்களோடு பெருக்கிப் பாருங்கள். 84,000 ரூபாய் வரும், கிலோவுக்கு 84. ஆக 80-லிருந்து 84-க்கு ஏறியது கடைக்காரர்கள் ஏற்றிய விலை. 84-லிருந்து 75-க்கு இறங்கியது மக்கள் மலிவான கடைக்குத் திரும்பியதால் வந்த 9 ரூபாய். இரண்டும் உண்மையான மாற்றங்கள். குடும்பச் செலவு குறைந்ததும் நிஜம்தான். ஆனால் அதை விலைக் குறைவு என்று எழுதுவது தவறு. லாரி மறுபடி வராவிட்டால் அந்த 9 ரூபாய் அப்படியே திரும்பி வரும், கடைகள் ஏற்றிய 4 ரூபாயும் அதோடு சேர்ந்து நிற்கும்.

கடிதங்களில் வந்த மற்றக் கேள்விகள்:

அப்படியானால் எது சரி? கடைகள் என்ன விலை கேட்கின்றன என்று அறிய மேல்வரி, மக்கள் என்ன கொடுத்தார்கள் என்று அறிய அடிவரி.

அரசின் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் எதைப் பயன்படுத்துகிறது? 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில், ஒரே பொருளுக்குக் கடைகளில் எடுத்த விலை மாற்றங்களைப் பெருக்குச் சராசரியால் சேர்த்தார்கள். எந்தக் கடையில் எத்தனை கிலோ விற்றது என்று விலை எடுப்பவர் குறிப்பதில்லை.

விற்ற கிலோவுக்குப் பதில் கடைக்கு ஒதுக்கிய கிலோவைப் போட்டால்? அழுகிய தக்காளியும் கணக்கில் சேரும்; அது மானியக் கடையில் அதிகமாக இருந்தால் சராசரி பொய்யாக இறங்கும்.

ஆட்சேபணையில் என்ன கேட்பது? கடைவாரியாக விலையும் விற்ற கிலோவும், குறைந்தது 2 வாரங்களுக்கு.