திருகு பிடிக்காத துளை

மர அலமாரியின் மேல் கீல் ஆடத் தொடங்கினால் பெரும்பாலான வீடுகளில் செய்வது ஒன்றுதான். திருப்புளியால் முறுக்கிப் பார்ப்பார்கள். திருகு பிடிக்காமல் வெறுமனே சுற்றும். கொஞ்சம் மரத்தூளைப் பெவிகாலில் குழைத்துத் துளையில் அடைத்து, காய்ந்ததும் அதே திருகை ஏற்றுவார்கள். கதவு நிமிர்ந்து நிற்கும். சில வாரங்களில் கீல் மறுபடி ஆடும். அப்போது பார்த்தால் துளை முன்பைவிட அகன்றிருக்கும்.

மரத்தூள் கலவை நல்ல பொருள்தான். ஆனால் அது பள்ளத்தை நிரப்பும், பாரத்தைத் தாங்காது. இந்த வேறுபாடு பிடிபட்டால் மரச்சாமான்களில் விழும் ஓட்டை, பள்ளம், சில்லு எதை எப்படிச் சரிசெய்யலாம் என்பது ஏறக்குறைய தானாகவே தெரிந்துவிடும்.

மரம் நீளவாக்கில் ஓடும் நார்களால் ஆனது. திருகை ஏற்றும்போது அதன் மரை அந்த நார்களுக்குள் வெட்டிக்கொண்டு இறங்குகிறது. மரையின் ஒவ்வொரு சுற்றுக்கும் மேலே ஒரு மெல்லிய மர விளிம்பு மிஞ்சுகிறது. திருகை வெளியே இழுக்கும் விசையைத் தடுப்பவை இந்த விளிம்புகள்தான். அவற்றின் நார்கள் சுற்றியுள்ள மரத்தோடு தொடர்ச்சியாக இணைந்திருப்பதால்தான் அந்த வலு. மரத்தூளில் இந்த நார்கள் துண்டு துண்டாக அறுபட்டுவிட்டன. ஒன்றோடொன்று அவற்றைப் பிடித்திருப்பது பசை மட்டுமே. வெள்ளைப் பசை காய்ந்தபின் ஒருவகை மென்மையான பிளாஸ்டிக். இரண்டு பலகைகளுக்கு நடுவே மெல்லிய படலமாக இருக்கும்போது அது அபாரமாகப் பிடிக்கும். தடித்த உருண்டையாக இருந்து, நாள் முழுதும் ஒரே பக்கம் இழுபட்டால், மெல்ல மெல்ல நெகிழ்ந்து கொடுத்துவிடும்.

கீலோ நாள் முழுதும் இழுத்துக்கொண்டே இருப்பது. 15 கிலோ எடையும் 45 செ.மீ. அகலமும் உள்ள ஒரு தேக்குக் கதவை எடுத்துக்கொள்வோம். அதன் எடை முழுதும் நடுவில், அதாவது கீலிலிருந்து 22.5 செ.மீ. தள்ளி இறங்குவதாகக் கொள்ளலாம். மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 135 செ.மீ. என்றால், கதவு மேல் கீலைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை 15 × 22.5 ÷ 135, அதாவது இரண்டரைக் கிலோ. அதே அளவு விசையோடு கீழ்க் கீலைச் சட்டத்துக்குள் அழுத்துகிறது. அதனால்தான் எப்போதும் மேல் கீலே முதலில் கழல்கிறது. கதவு மூடியிருக்கும் நேரமெல்லாம் இந்த இரண்டரைக் கிலோ, திருகுகளைச் சட்டத்திலிருந்து உருவப் பார்க்கிறது. அளவு சிறியதுதான், ஆனால் ஓய்வே இல்லாதது. கதவில் ஆளுயரக் கண்ணாடியும் பதித்திருந்தால் இன்னும் கூடும்.

ஆகவே அந்தத் துளைக்குள் போகவேண்டியது அறுபடாத நார், அதாவது மரமே. பழைய தச்சர்கள் தேக்குத் துண்டிலிருந்து ஒரு முளை சீவி அடிப்பார்கள். அதைவிட நல்ல வழி இன்றும் இல்லை.

மேலே சொன்ன அலமாரியையே சரிசெய்வதாக வைத்துக்கொள்வோம். திருகு 8-ஆம் எண். அதன் வெளிவிட்டம் சுமார் 4 மி.மீ. முதலில் கதவுக்கு அடியில் பலகை, அட்டை எதையாவது முட்டுக் கொடுத்து, எடை கீலில் தொங்காதபடி செய்யவேண்டும். பிறகு கீலைக் கழற்றித் துளையைப் பார்க்க வேண்டும். உள்ளே பொடிந்த நார், பழைய பசை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் இருக்கும். அவற்றின்மேல் புதுப் பசை ஒட்டாது. 8 மி.மீ. துரப்பண அலகால் சுமார் 35 மி.மீ. ஆழத்துக்குத் துளையை விரித்துவிட்டால் குப்பையெல்லாம் போய், சுற்றிலும் புது மரம் தெரியும். சட்டம் மெல்லியதாக, துளை அதன் ஓரத்தை ஒட்டி இருந்தால் 8 வேண்டாம்; 6 மி.மீ. போதும். இல்லாவிட்டால் ஓரம் பிளந்துவிடும்.

முளையை அதே வகை மரத்தில், துளைக்குள் கையால் முக்கால்வாசி போய், மீதிக்குச் சுத்தியலின் மெல்லிய தட்டல் தேவைப்படும் அளவுக்குச் சீவ வேண்டும். அதன் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு சிறு பள்ளக்கோடு வெட்டிவிடுவது அவசியம். பசை நிறைந்த துளைக்குள் இறுக்கமான முளையை அடித்தால், அடியில் சிக்கிய பசைக்குப் போக்கிடம் இருக்காது. அந்த அழுத்தமே சட்டத்தைப் பிளக்கப் போதும். கோடு இருந்தால் பசை அதன் வழியே மேலே வந்துவிடும். தேக்குக்கு இன்னொரு கவனமும் வேண்டும். அதில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. துணியில் தின்னர் நனைத்து முளையைத் துடைத்து, அது ஆவியானதும் பசை தடவினால் பிடிப்பு கூடும்.

அடித்தபின் ஒரு முழு நாள் விட்டுவிட வேண்டும். வெள்ளைப் பசை தன்னிலுள்ள தண்ணீரை மரத்துக்குள் விட்டுத்தான் இறுகுகிறது. அரைமணியில் மேலே காய்ந்ததுபோலத் தெரிவது, 35 மி.மீ. உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் காட்டாது. மறுநாள் உளியால் முளையின் தலையைச் சட்டத்தோடு மட்டமாகச் சீவி, கீலை வைத்து நடுப்புள்ளியைக் குறித்து, 3 மி.மீ. அலகால் வழித்துளை போட வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு நேராகத் திருகை முறுக்கினால் முளை பிளந்து, செய்த வேலை வீணாகும். திருகு பித்தளை என்றால், முதலில் அதே அளவு இரும்புத் திருகை ஏற்றி இறக்கி மரை வெட்டிக்கொள்வது நல்லது. பித்தளை மென்மையானது, தேக்கில் முறுக்கும்போது தலை தனியே வந்துவிடும். மெழுகுவர்த்தியில் ஒரு தேய்ப்பு தேய்த்து ஏற்றினால் வழுக்கிக்கொண்டு போகும்.

சரியாகப் பிடித்திருக்கிறதா என்பது கைக்கே தெரியும். கடைசிச் சுற்றுகளில் இறுக்கம் கூடிக்கொண்டே போகவேண்டும். கூடிவந்த இறுக்கம் சட்டென்று தளர்ந்தால் புது மரையும் அறுந்துவிட்டது. கீல் மரத்தில் நன்றாக அமர்ந்ததுமே நிறுத்திவிட வேண்டும்.

முளையிலும் ஒரு குறை உண்டு. அதன் நார் திருகின் போக்கிலேயே ஓடுவதால், நாருக்குக் குறுக்கே ஏறும் திருகு அளவுக்கு இது பிடிக்காது. எனினும் தூள் கலவையோடு ஒப்பிட இடமே இல்லை. சின்னக் கதவு, இலேசான கீல் என்றால் முளைகூட வேண்டாம். மருந்து நீக்கிய தீக்குச்சிகள் இரண்டு மூன்றைப் பசையில் தோய்த்துத் துளையில் நெருக்கிச் செருகி, காய்ந்ததும் திருகலாம். வேலை செய்வது அங்கேயும் நார்தான்.

மரத்தூள் கலவைக்கு உரிய இடம் வேறு. பாரம் ஏறாத ஆணித் துளை, ஓரத்தில் பெயர்ந்த சில்லு, முளையைச் சுற்றி மிஞ்சிய இடுக்கு இவற்றுக்கு அது பொருத்தமானது. ரம்பத்தூள் இதற்குச் சொரசொரப்பு. அதே மரத்தின் மறைவான பகுதியை உப்புத்தாளால் தேய்த்து எடுத்த மாவு போன்ற தூள்தான் வேண்டும். அதில் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கத்தி முனையில் எடுத்தால் வழியாமல் நிற்கும் பதத்துக்குக் குழைக்க வேண்டும். பசை கூடினால் இரண்டு கெடுதல். வெள்ளைப் பசையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அது போனதும் கலவை சுருங்கி நடுவில் குழி விழும். அதனால் ஆழமான பள்ளத்தை ஒரே தடவையில் நிரப்பாமல் மெல்லிய அடுக்குகளாகக் காயவிட்டு நிரப்பி, கடைசி அடுக்கை மட்டத்துக்குச் சற்று மேலேயே விட்டு, பிறகு தேய்த்துச் சமன்செய்ய வேண்டும்.

இரண்டாவது கெடுதல் நிறம். அதே மரத்தின் தூள் என்பதால் நிறம் ஒத்துவரும் என்று நினைப்போம். காய்ந்த பசை சாயத்தையும் பாலிஷையும் உள்ளே விடாது. சுற்றியுள்ள மரம் குடித்துக் கருக்கும், அடைத்த இடம் தனித் திட்டாக நிற்கும். பக்கத்தில் வழிந்த பசையும் இப்படியே மரத்தின் வாயை அடைத்துவிடும் என்பதால், ஈரமாக இருக்கும்போதே அதை நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். பாலிஷ் ஏறியபின் நிறம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே பார்க்க எளிய வழி, தேய்த்துமுடித்த இடத்தைத் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைப்பது. ஈரம் காயும்வரை தெரியும் நிறம் ஏறக்குறைய பாலிஷ் நிறமே. திட்டுத் தெரிந்தால், அடுத்த அடுக்குக் கலவையிலேயே கொஞ்சம் காவியோ மஞ்சள் பொடிச் சாயமோ சேர்க்கலாம். கடையில் டப்பாவில் கிடைக்கும் மர மக்குகளில் தேக்கு, வால்நட் என்று நிறங்கள் வருகின்றன. பாலிஷ் வேலைக்கு அவை வசதி. எனாமல் பெயிண்ட் அடிக்கப்போகும் சாமானுக்கு இந்த நிறக் கவலையே இல்லை; சாதாரணப் பட்டி போதும்.

பள்ளத்துக்கு வருவோம். கனமான பாத்திரம் விழுந்து மேசையில் ஏற்பட்ட பள்ளத்தில் மரம் எங்கும் போகவில்லை; நார்கள் நசுங்கி அமுங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். அங்கே மக்கு வைப்பது அவசரம். நார் அறுபடாத பள்ளத்தில் சில துளி தண்ணீர் விட்டு ஊறவைத்து, ஈரப் பருத்தித் துணியை மேலே போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையால் சில விநாடிகள் அழுத்தினால் நீராவி உள்ளே புகுந்து நார்கள் உப்பி எழும். ஒரே முறையில் முழுதும் எழாது. இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். நன்றாகக் காய்ந்தபின்தான் உப்புத்தாள். அரக்குப் பாலிஷ் போட்ட பரப்பு நீராவியில் வெளுத்துவிடும். ஆகவே அந்த இடத்தில் மறுபடி பாலிஷ் போடத் தயாராக இருந்தால் மட்டுமே இதில் இறங்கலாம். மெல்லிய மரத்தோல் ஒட்டிய பிளைவுட்டில் சூடு அடிப்பசையை இளக்கித் தோலைக் கிளப்பிவிடும், அதில் வேண்டாம். கூர்மையான பொருள் கீறி நாரை அறுத்திருந்தால் நீராவிக்குப் பயனில்லை, அதற்குத்தான் மக்கு.

இவை எல்லாம் மரத்துக்கு. இப்போது வீடுகளில் அதிகம் இருக்கும் பார்ட்டிகிள் போர்டு அலமாரிகள், தொடக்கத்திலேயே மரத்தூளும் பசையும்தான். அவற்றில் கீல் பிய்ந்த இடம் பொருபொருவென்று உதிரும். முளை அடித்தாலும் முளையோடு சேர்ந்து ஒரு கட்டி பெயர்ந்து வரும். உதிர்ந்ததைச் சுரண்டியெடுத்து, இரண்டு பொருள்களைப் பிசைந்து பயன்படுத்தும் எப்பாக்ஸி மக்கால் நிரப்பலாம். அது தண்ணீரை இழந்து காய்வதில்லை, வேதிவினையால் இறுகுவது. அதனால் அவ்வளவாகச் சுருங்காது, மரையையும் பிடிக்கும். நன்றாக இறுகியபின் வழித்துளை போட்டே திருக வேண்டும். பலகை ஈரத்தில் ஊதிப் பருத்திருந்தால் எப்பாக்ஸியும் ஒட்ட நல்ல இடம் இருக்காது. அப்போது கீலை ஒரு சாண் மேலேயோ கீழேயோ நல்ல இடத்துக்கு மாற்றுவது அல்லது பலகையை ஊடுருவிச் செல்லும் போல்ட் போட்டு மறுபக்கம் வாஷரும் நட்டும் வைத்து முறுக்குவதுதான் வழி.