தொட்டிக்கரி வாட்டல்

தொட்டிக்கரி வாட்டல் என்பது தேங்காய்த் தொட்டியிலிருந்து பெறப்படும் கரியின் தணலில் இறைச்சியைச் சுட்டுச் சமைக்கும் முறை ஆகும். தேங்காய்ச் சிரட்டை அல்லது கொட்டாங்குச்சி கொங்கு நாட்டில் தொட்டி என்று அழைக்கப்படுகிறது. தென்னை மிகுந்த பொள்ளாச்சி, கொப்பரைத் தொழில் நடைபெறும் காங்கேயம் ஆகிய பகுதிகளில் தொட்டிகளைச் சுட்டுக் கரியாக்கும் தொழிலும் நடைபெறுகிறது. அக்கரியின் பெரும்பகுதி கிளர்வுற்ற கரி தயாரிக்கப் பயன்படுகிறது. அதுவே பார்பிக்யூ எனப்படும் வாட்டல் அடுப்புக்கும் ஏற்ற எரிபொருளாகும். இக்கட்டுரை, தொட்டிக்கரித் தணலில் கோழிக்கால் வாட்டப்படும் முறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, தீயின் கட்டுப்பாடு, ஊறவைத்தல், வேக்காட்டுப் பதம், புகை ஆகியவற்றை விளக்குகிறது.

கரியின் தன்மை

விறகு எரியும்போது காணப்படும் சுவாலை, சூட்டினால் அதிலிருந்து வெளியேறும் வளிமங்கள் எரிவதால் உண்டாகிறது. கரியாக்கும்போதே இவ்வளிமங்களின் பெரும்பகுதி வெளியேறிவிடுவதால், நன்கு சுடப்பட்ட கரி சுவாலையின்றிக் கனன்று எரிகிறது. கரித்துண்டின் மேற்பரப்பைக் காற்று தொடும் இடத்திலேயே எரிதல் நடைபெறுகிறது. எனவே தணலின் சூடு கரியின் அளவைவிட, அதற்குக் கிடைக்கும் காற்றின் அளவையே பெரிதும் சார்ந்துள்ளது.

தொட்டிக்கரி அடர்த்தி மிக்கது. சாம்பல் குறைவாகத் தருவது. இது சீமைக்கருவேலங்கரியைவிட மெதுவாகப் பற்றும். ஆனால் பற்றிய பின் நீண்ட நேரம் சீரான சூட்டைத் தரும். நன்கு சுடப்பட்ட துண்டு உடையும்போது கணீரென்ற ஒலி எழும். உடைந்த பரப்பு கருமையாகப் பளபளக்கும். உட்புறம் பழுப்பாக இருந்தால் அது அரைகுறையாகச் சுடப்பட்ட கரியாகும். இது அடுப்பில் கண்ணை எரிக்கும் மஞ்சள் நிறப் புகையை வெளியிடும்.

தீயின் கட்டுப்பாடு

இம்முறைக்கு இரும்புப் பீப்பாயை நெடுக்காகப் பிளந்து, அடிப்பக்கத்தில் காற்றுத் துளைகள் இட்டு, மேலே கம்பி வலை பொருத்திய அடுப்பு போதுமானது. ஒரு கிலோ கோழிக்குச் சுமார் ஒரு கிலோ கரி தேவைப்படும். தூளாகிப்போன கரி காற்று செல்லும் இடைவெளிகளை அடைத்துவிடும் என்பதால் அது சலித்து நீக்கப்படுகிறது.

காய்ந்த தென்னம்பாளை அல்லது பன்னாடையின் மேல் கரி கூம்பாகக் குவிக்கப்பட்டுப் பற்றவைக்கப்படுகிறது. மண்ணெண்ணெய் ஊற்றினால் அதன் வாடை இறைச்சியில் ஏறும். சுமார் 20 முதல் 30 நிமிடங்களில் துண்டுகளின் மேல் வெண்சாம்பல் படியும். நீறு பூத்த நெருப்பு என்று கூறப்படும் இந்நிலையே வாட்டலுக்கு உரியது. அதற்கு முன் இறைச்சியை வைத்தால் வெளிப்புறம் கருகி, புகை வாடையும் படியும்.

பின்னர் தணல் முழுவதும் அடுப்பின் ஒரு பாதிக்கு ஒதுக்கப்படுகிறது. தணலுக்கு மேலுள்ள பகுதி மேற்பரப்பைச் சிவக்க வைப்பதற்கும், தணலற்ற பகுதி உட்புறத்தை வேகவைப்பதற்கும் பயன்படுகின்றன. வலைக்கு மேல் ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையை நீட்டிச் சூட்டை மதிப்பிடலாம். கையை இரண்டு அல்லது மூன்று நொடிகளுக்குள் எடுக்க நேர்ந்தால் அது கடுஞ்சூடு. ஐந்து நொடிகள் வரை தாங்க முடிந்தால் நடுத்தரச் சூடு. சூட்டைக் குறைக்கத் துளைகளைப் பாதி அடைப்பதும், கூட்ட அவற்றைத் திறப்பதும் முறையாகும்.

ஊறவைத்தல்

ஊறவைக்கும் பொருட்களுள் உப்பே இறைச்சிக்குள் ஆழமாகச் செல்கிறது. அது தசைப் புரதங்களை நெகிழச்செய்து, வேகும்போது நீர் வெளியேறுவதைக் குறைக்கிறது. மிளகாய், மஞ்சள், இஞ்சி, பூண்டு ஆகியவற்றின் சுவை பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்கிவிடும். ஆகவேதான் எலும்பு வரை எட்டும் இரண்டு மூன்று கீறல்கள் இடப்படுகின்றன.

தொடையுடன் கூடிய நான்கு கோழிக்கால்களுக்கு (சுமார் 1 கிலோ) 15 கிராம் உப்பு, 100 கிராம் கெட்டித்தயிர், இரண்டு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், இரண்டு மேசைக்கரண்டி கடலெண்ணெய் போதுமானவை. கடைகளில் தோல் நீக்கிய கோழியே பெரும்பாலும் வாங்கப்படுவதால், மேற்பரப்பு உலராமல் காக்க எண்ணெய் தேவைப்படுகிறது. நான்கு முதல் எட்டு மணி நேரம் ஊறவைக்கலாம். எலுமிச்சைச்சாறு மிகுந்தாலோ, பப்பாளிக்காய் விழுது சேர்த்து நெடுநேரம் வைத்தாலோ மேற்பரப்பு கூழாகிவிடும்.

ஊறும் இறைச்சி குளிர்பதனப் பெட்டியில் 5 பாகை செல்சியசுக்குக் கீழே இருத்தல் வேண்டும். வெளியில் 30 பாகை வெப்பத்தில் நுண்ணுயிரிகள் விரைந்து பெருகும். பச்சை இறைச்சி ஊறிய மசாலாவை வெந்த துண்டின் மேல் பூசக்கூடாது; பூசுவதற்கெனச் சிறிது மசாலாவை முன்னரே தனியே எடுத்து வைக்கவேண்டும்.

வாட்டலும் வேக்காட்டுப் பதமும்

துண்டுகள் முதலில் தணலற்ற பகுதியில் வைக்கப்பட்டு மூடப்படுகின்றன. ஒருமுறை திருப்பி, 25 முதல் 30 நிமிடங்கள் வேகவைத்த பின், தணலுக்கு மேல் நகர்த்தி, அடிக்கடி திருப்பி, ஐந்து முதல் எட்டு நிமிடங்களில் சிவக்க வைக்கப்படுகின்றன. முதலிலேயே தணலின் மேல் வைத்தால், உட்புறம் வேகும் முன் தயிரும் மிளகாய்த்தூளும் கருகிவிடும்.

மசாலாவின் நிறம் வேக்காட்டை மறைப்பதால் வெளிநிறத்தைக் கொண்டு பதம் அறிய இயலாது. எலும்பருகே தெரியும் சிவப்பும் உறுதியான அடையாளம் அன்று. இளம் பண்ணைக்கோழியின் எலும்பு மச்சையிலிருந்து நிறமி கசிவதால், முழுதும் வெந்த காலிலும் அது காணப்படலாம். தொடையின் தடித்த பகுதியில், எலும்பைத் தொடாமல் வெப்பமானியைச் செருகிப் பார்ப்பதே நம்பகமானது. கோழிக்கு 74 பாகை செல்சியசு பாதுகாப்பான அளவாகும். ஆயினும் காலிலுள்ள இணைப்புத்திசு இளகுவதற்கு 80 பாகைக்கு மேல் சூடு ஏறுவது நல்லது. மார்புக்கறி அந்தச் சூட்டில் உலர்ந்துவிடும்.

புகையும் பாதுகாப்பும்

கொழுப்பும் எண்ணெயும் தணலில் சொட்டும்போது சுவாலை எழுந்து, கரும்புகை இறைச்சியில் படிகிறது. இப்புகையில் புற்றுநோயை உண்டாக்கும் பென்சோபைரீன் போன்ற சேர்மங்கள் உள்ளன. சுவாலை எழுந்தால் துண்டைத் தணலற்ற பகுதிக்கு நகர்த்தவேண்டும். தண்ணீர் தெளித்தால் சாம்பல் கிளம்பி இறைச்சியில் ஒட்டும். கொதிநீராவி கையைச் சுடும். கருகிய பகுதிகளை வெட்டி நீக்கிவிட்டு உண்பது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு இப்புகையைவிட உடனடி ஆபத்து விளைவிப்பது. நிறமும் மணமும் அற்ற இவ்வளிமம், குருதியின் ஈமோகுளோபினுடன் ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிணைகிறது. தணல் புகையின்றி அமைதியாகக் கனலும்போதும் இது வெளியாகிறது. சூட்டைக் குறைக்கக் காற்றைத் தடுக்கும்போது இதன் அளவு மேலும் கூடும். கொடைக்கானலில் 2024 ஆம் ஆண்டு, சமைத்து முடித்த கரியடுப்பை அறைக்குள் விட்டு உறங்கிய இருவர் இறந்தனர். குளிருக்காகத் தணலை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுசெல்வது இதே ஆபத்தை விளைவிக்கும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவை முதல் அறிகுறிகள். இவை தோன்றினால் உடனே திறந்தவெளிக்குச் சென்று, மருத்துவ உதவி பெறவேண்டும். உறங்குபவர் இவற்றை உணர்வதில்லை.

ஆகவே அடுப்பைத் திறந்தவெளியில் மட்டுமே மூட்டவேண்டும். சமையல் முடிந்ததும், சாம்பலுக்குள் தணல் பல மணி நேரம் உயிருடன் இருக்கும் என்பதால், வெளியிலேயே வைத்துச் சிறிது சிறிதாக நீர் ஊற்றிக் கிளறி, கையால் தொடுமளவு ஆறிய பின்னரே கொட்டவேண்டும்.