மீட்டிங்குக்கு வராத கிளையன்ட்டுக்கு ஒன்றரை நிமிஷ வீடியோ: மினிட்ஸை ஸ்கிரிப்ட் ஆக்குவது எப்படி

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

மீட்டிங் மினிட்ஸை அப்படியே கேமரா முன்னாடி படிச்சா அது ஏன் அப்டேட் வீடியோ ஆகாதுன்னு இன்னைக்கு பார்க்கலாம். உதாரணத்துக்கு ஒரு வீடு கட்டுற வேலையை எடுத்துக்கிறேன். இடம் பாகூர் கொம்யூன். பேர், தொகை எல்லாம் கற்பனை. ஆனா வில்லியனூர், பாகூர் பக்கம் சைட் வேலை பார்க்கிறவங்களுக்கு இந்தச் சூழ்நிலை புதுசா இருக்காது.

வீட்டுக்காரங்க பாரிஸ்ல இருக்காங்க. 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த புதுச்சேரிக் குடும்பங்கள் நிறைய உண்டு. அதுல பல பேர் ஊர்ல வீடு கட்டுறாங்க. சைட் மீட்டிங் சனிக்கிழமை காலை 10 மணிக்குன்னா, கோடைக்காலத்துல அங்கே காலை 6.30. குளிர்காலத்துல 5.30. வரலைன்னா அலட்சியம்னு அர்த்தம் இல்லை, தூங்கிட்டு இருக்காங்க.

மினிட்ஸ்ல இருந்து ஒரு பகுதி:

"1. முந்தைய கூட்ட விவரம் வாசிக்கப்பட்டது. 2. தளத்துக்குக் கம்பி கட்டும் வேலை 80 சதவீதம் முடிந்தது. 3. ஜன்னல் ஃபிரேம் குறித்துத் தச்சரிடம் கேட்க வேண்டும். 4. பக்கத்து மனைக்காரர் வேலி தொடர்பாகப் புகார் கூறினார். 5. போர் தண்ணீர் பரிசோதனை அறிக்கை வந்தது, குளோரைடு லிட்டருக்கு 640 மில்லிகிராம். விரிவாக விவாதிக்கப்பட்டது. டேங்கர் தண்ணீர் பயன்படுத்த முடிவு. கூடுதல் செலவு சுமார் 14,000 ரூபாய். 6. தளம் அடுத்த சனிக்கிழமை."

மினிட்ஸ் எப்பவும் பேசின வரிசையில இருக்கும். கிளையன்ட்டுக்கு அந்த வரிசையால பிரயோஜனம் இல்லை. அவங்க என்ன முடிவு சொல்லணுமோ அதுதான் முதல்ல வரணும். இங்கே அது அஞ்சாவது பாயின்ட். ஒன்னுல ஆரம்பிச்சு படிச்சீங்கன்னா, அஞ்சு வர்றதுக்குள்ள போனை கீழே வச்சிருப்பாங்க.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். "முடிவு"ன்னு மினிட்ஸ் சொல்லுது. யாரோட முடிவு? பணம் கொடுக்கிறவர் அந்த ரூம்லயே இல்லை. கூடியிருந்தவங்க எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான். ஸ்கிரிப்ட்ல அது "எங்க பரிந்துரை"ன்னுதான் போகணும். "முடிவு பண்ணிட்டோம்"னு வீடியோல சொன்னீங்கன்னா, பில் வரும்போது "என்கிட்ட யார் கேட்டாங்க?"ன்னு சண்டை வரும். அவங்க கேக்கறதுலயும் நியாயம் இருக்கும்.

அதனால மினிட்ஸோட ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல ஒரு எழுத்து போடுங்க. நடந்து முடிஞ்சதுக்கு 'ந'. கிளையன்ட் முடிவு சொல்ல வேண்டியதுக்கு 'மு'. பேசினோம், இன்னும் ஒன்னும் ஆகலைன்னா 'பே'. 'மு' முதல்ல வரும். 'ந' ரெண்டு வரியில முடியும். 'பே' வீடியோல வராது. ஜன்னல் ஃபிரேம் 'பே', தச்சர் பதில் சொன்னதும் அடுத்த வாரம் சொல்லிக்கலாம். வேலிப் புகார் வேற கதை. அது கிளையன்ட்டுக்குத் தெரிஞ்சே ஆகணும், ஆனா போன்ல. வாட்ஸ்அப்ல போற வீடியோ குடும்ப குரூப்புக்கும் போகும், அங்கிருந்து பக்கத்து மனைக்காரரோட சொந்தக்காரர் வரைக்கும் போகும். நம்ம ஊர்ல அதுக்கு ரொம்ப நேரம் ஆகாது.

இப்போ அந்தத் தண்ணி விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். புரியாம எழுதினா ஸ்கிரிப்ட் தப்பா போகும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கிற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 456 சொல்லுது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரைக்கும் போகலாம். குளோரைடு கூடினா உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால சில வருஷத்துல கான்கிரீட் வெடிச்சு உதிரும். அப்போ 640-ங்கற தண்ணியில தளம் போடலாமான்றது கேள்வியே இல்லை. போடக் கூடாது. வேற தண்ணி எங்கிருந்து, யார் செலவுல, அதுதான் கேள்வி.

இதை எழுத உட்காரும்போது மினிட்ஸ்ல ஒரு ஓட்டை தெரியும். டேங்கர் தண்ணியை யார் டெஸ்ட் பண்றது? அதுவும் பக்கத்து போர்ல இருந்தே வரலாமே! மினிட்ஸ்ல அது இல்லை. நீங்களா ஒரு பதிலை எழுதிடாதீங்க, இன்ஜினியருக்குப் போன் போட்டுக் கேளுங்க. "டெஸ்ட் பண்ணிட்டுதான் இறக்குவோம், செலவு அந்த 14,000-லயே அடக்கம்"னு அவர் சொன்னா, அது ஸ்கிரிப்ட்டுக்குள்ள வரும்.

ஸ்கிரிப்ட் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார், வணக்கம் மேடம். இது ஜூன் 14, சனிக்கிழமை சைட் அப்டேட். உங்ககிட்ட ஒரு முடிவு வேணும். தளம் போட டேங்கர் தண்ணி வாங்கலாமா? கூடுதல் செலவு சுமார் 14,000 ரூபாய். (சைட்ல நிற்கிறவர்)

நம்ம போர் தண்ணியில குளோரைடு 640 வந்திருக்கு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு 500-தான் எல்லை. இதுல போட்டா உள்ளே கம்பி துருப்பிடிக்கும். (ரிப்போர்ட் க்ளோசப், 640 தெளிவா தெரியணும்)

டேங்கர் தண்ணி வாங்கலாம்னு இன்ஜினியரும் மேஸ்திரியும் சொல்றாங்க. அதையும் டெஸ்ட் பண்ணிட்டுதான் இறக்குவோம். டெஸ்ட் செலவு அந்தத் தொகையிலேயே அடக்கம். (தண்ணித் தொட்டி)

கம்பி வேலை அஞ்சுல நாலு பங்கு முடிஞ்சிருக்கு. (தளத்துக் கம்பி)

புதன்கிழமை, உங்க நேரம் மாலை 6 மணிக்குள்ள 'சரி' இல்லைன்னா 'பேசணும்'னு ஒரு மெசேஜ் போடுங்க. 'சரி'ன்னா 21-ஆம் தேதி சனிக்கிழமை தளம். பதில் வரலைன்னா தளத்தைத் தள்ளி வைப்போம், நாங்களா முடிவு எடுக்க மாட்டோம்."

நிதானமா படிச்சா ஒன்றரை நிமிஷத்துக்குள்ள முடியும். போன் டைமரை வச்சு வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. மனசுக்குள்ள படிச்சா எப்பவும் நேரம் குறைவாதான் தெரியும்.

'சரி', 'வேண்டாம்'னு கேட்காம 'சரி', 'பேசணும்'னு கேட்டதுக்குக் காரணம் இருக்கு. 'வேண்டாம்'னா உப்புத் தண்ணியில போடுன்னு ஆயிடும், அதை நாம செய்யவே முடியாது. செய்ய முடியாத ஒன்னை ஆப்ஷனா வைக்காதீங்க. ரெடிமிக்ஸ் மாதிரி வேற வழி கேட்கணும்னா 'பேசணும்' போதும்.

தேதியை வாயால சொல்றதும் காரணத்தோடதான். ஃபார்வேர்ட் ஆன வீடியோவை ஒரு மாசம் கழிச்சு யாராவது பார்ப்பாங்க. "இந்த வாரம்"னா எந்த வாரம்? அதே மாதிரி தொகையையும் கெடுவையும் வீடியோவுக்குக் கீழே மெசேஜாவும் டைப் பண்ணுங்க. பின்னாடி தேடி எடுக்க அதுதான் உதவும்.

ஷூட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு பேர்கிட்ட படிச்சுக் காட்டுங்க. ஒருத்தர் மீட்டிங்ல இருந்தவர். மேஸ்திரி "நான் அப்படிச் சொல்லலையே"ன்னா உடனே தெரிஞ்சிடும். இன்னொருத்தர் மீட்டிங்ல இல்லாதவர், வீட்ல இருக்கிற யாராவது. படிச்சு முடிச்சதும் "இப்போ நீ என்ன பதில் சொல்லணும்?"னு கேளுங்க. "ஏதோ தண்ணி பிரச்சினை"ன்னு சொன்னாங்கன்னா முதல் மூணு வரியைத் திருப்பி எழுதுங்க. "14,000 தரலாமான்னு சொல்லணும்"னா ஷூட் பண்ணலாம்.