வேலையோடு வந்து, வேலையோடு போகும் காப்பீடு

அமெரிக்காவில் ஒருவருக்கு வேலை போனால் பெரும்பாலும் சம்பளத்தோடு மருத்துவக் காப்பீடும் போய்விடுகிறது. சட்டப்படி சில மாதங்கள் அதைத் தொடரலாம். ஆனால் அதுவரை நிறுவனம் கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியத்தையும் அவரே கட்ட வேண்டும். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் அங்கே போய் மென்பொருள் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். வேலை மாறும் பேச்சு வந்தால் சம்பளத்துக்கு அடுத்தபடியாக அவர்கள் விசாரிப்பது காப்பீட்டைத்தான். எல்லைக்கு அப்பால் கனடாவிலோ, கடலுக்கு அப்பால் பிரிட்டனிலோ ஒருவர் மருத்துவரைப் பார்ப்பதற்கும் அவருடைய முதலாளிக்கும் சம்பந்தம் இல்லை.

அமெரிக்காவில் மட்டும் ஏன் இப்படி? அமெரிக்கர்களுக்கு அரசின் தலையீடு பிடிக்காது என்று எளிதாகப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அதே அமெரிக்கர்கள்தான் 1935இல் முதியோர் ஓய்வூதியத்தை அரசின் கையில் கொடுத்தார்கள், இன்றுவரை அதை விட்டுக்கொடுக்கவும் இல்லை. மக்களின் மனநிலை மட்டுமே காரணம் என்றால் ஓய்வூதியம் ஒரு வழியிலும் மருத்துவம் வேறு வழியிலும் போயிருக்காது. நாடுகளின் வரலாற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராயும் அறிஞர்கள் இந்த இடத்தில் இரண்டு கருத்துகளைக் கையில் எடுக்கிறார்கள். ஒன்று திருப்புமுனை, இன்னொன்று பாதைச் சார்பு.

திருப்புமுனை என்று எந்தப் பெரிய சம்பவத்தையும் அவர்கள் சொல்லிவிடுவதில்லை. ஜியோவானி கபோச்சியா, டேனியல் கெலமன் என்ற இரு அரசியல் அறிஞர்கள் 2007இல் அதற்கு ஓர் அளவுகோல் தந்தார்கள். வழக்கமான கட்டுகள் தளர்ந்து, தலைவர்கள் எடுக்கும் முடிவு விளைவையே மாற்றக்கூடிய வாய்ப்பு திடீரென்று கூடும் குறுகிய காலம் அது. அந்த நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்மையாகவே திறந்திருந்தன என்று காட்ட வேண்டும். ஒரே வழிதான் இருந்தது என்றால் அது திருப்புமுனை அல்ல.

பாதைச் சார்பு அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்கிறது. அரசியல் அறிஞர் பால் பியர்சன் இதை விளக்க ஒரு கணித விளையாட்டைப் பயன்படுத்தினார். ஒரு பானையில் ஒரு சிவப்புப் பந்து, ஒரு கறுப்புப் பந்து. கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததைத் திரும்பப் போட்டு, அதே நிறத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் போட வேண்டும். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் பானை எந்த நிறத்தின் பக்கம் சாயும் என்பதை முதல் சில பந்துகளே பெரும்பாலும் முடிவு செய்துவிடும். நூறாவது முறை மாற்று நிறம் வந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. என்ன நடந்தது என்பதோடு, எது முதலில் நடந்தது என்பதும் காரணமாகிவிடுகிறது.

அமெரிக்கப் பானையில் முதல் பந்துகள் விழுந்த கதையைப் பார்ப்போம். 1929இல் டெக்ஸாஸ் மாநிலம் டாலஸ் நகரில் பேய்லர் பல்கலைக்கழக மருத்துவமனை உள்ளூர் ஆசிரியர்களோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. மாதம் 50 சென்ட் கட்டினால் ஆண்டுக்கு 21 நாள்வரை மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறலாம். பின்னாளில் நாடு முழுக்கப் பரவிய ‘புளூ கிராஸ்’ காப்பீடுகளுக்கு இதுவே முன்னோடி. 1935இல் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது மருத்துவக் காப்பீட்டையும் அதில் சேர்க்கும் யோசனை இருந்தது. மருத்துவர் சங்கத்தின் எதிர்ப்பு மொத்தச் சட்டத்தையும் கவிழ்த்துவிடுமோ என்ற அச்சத்தில் அதை விட்டுவிட்டார்கள். அப்படியும் கதவு மூடிவிடவில்லை. 1940இல் ஏதேனும் ஒரு மருத்துவமனைக் காப்பீடு வைத்திருந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு.

பிறகு போர் வந்தது. விலைவாசியைக் கட்டுப்படுத்த 1942 அக்டோபரில் இயற்றிய சட்டம் சம்பள உயர்வுக்குக் கடிவாளம் போட்டது. ஆனால் நியாயமான அளவிலான காப்பீட்டையும் ஓய்வூதியத்தையும் அது சம்பளமாகக் கருதவில்லை. ஆள் கிடைக்காமல் தவித்த தொழிற்சாலைகளுக்கு ஒரு வழி பிறந்தது. சம்பளத்தைக் கூட்ட முடியாவிட்டாலும் காப்பீடு தரலாம். அடுத்த ஆண்டே வரித்துறையும், நிறுவனம் கட்டும் குழுக் காப்பீட்டுப் பிரீமியத்தைத் தொழிலாளியின் வருமானமாகக் கணக்கிடத் தேவையில்லை என்று சொன்னது. ஒரு தேசத்தின் மருத்துவ முறையை வகுக்கிறோம் என்ற எண்ணம் இந்த இரண்டு முடிவுகளிலும் கிடையாது. ஒன்று விலைவாசிக்காக, மற்றொன்று வரிக்கணக்குக்காக.

பல கட்டுரைகள் 1942ஐயே திருப்புமுனை என்று சொல்லி முடித்துவிடுகின்றன. அந்த முடிவு சற்று அவசரமானது. போர் முடிந்தபோது காப்பீடு பெற்றிருந்தவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான். பெரிய பாய்ச்சல் சம்பளக் கட்டுப்பாடு நீங்கிய பிறகே வந்தது. 1950இல் நாட்டின் சரிபாதிப் பேருக்குக் காப்பீடு இருந்தது. ஆகவே வழிகள் உண்மையாகத் திறந்திருந்த காலத்தை 1945க்கும் 1950க்கும் இடையில் தேட வேண்டும்.

1945 நவம்பரில் அதிபர் ட்ரூமன் எல்லோருக்குமான தேசியக் காப்பீட்டைக் காங்கிரசிடம் கேட்டார். தொழிற்சங்கங்கள் ஆதரித்தன. ஆனால் 1946 தேர்தலில் காங்கிரஸ் எதிர்க்கட்சியின் கைக்குப் போனது. 1948இல் ட்ரூமன் மீண்டும் வென்றதும் அமெரிக்க மருத்துவர் சங்கம் உறுப்பினருக்கு 25 டாலர் வசூலித்து, ‘சோஷலிச மருத்துவம் வருகிறது’ என்று நாடு முழுக்கப் பிரசாரம் செய்தது. திட்டம் தோற்றது. காத்திருந்து சலித்த சங்கங்கள் முதலாளிகளிடம் திரும்பின. மருத்துவக் காப்பீடும் பேரத்துக்கு உரிய பொருளே என்று 1949வாக்கில் சட்ட நிலை தெளிவாகியிருந்தது. 1950இல் கார் தொழிலாளர் சங்கம் ஜெனரல் மோட்டார்ஸோடு செய்த ஒப்பந்தத்தில் ஓய்வூதியத்தோடு மருத்துவக் காப்பீடும் இடம்பெற்றது. மற்றப் பெரிய ஆலைகள் அதே வழியில் போயின.

அதே ஆண்டுகளில் பிரிட்டனில் நடந்ததைப் பக்கத்தில் வைத்தால் படம் தெளிவாகிறது. அங்கும் போர்தான். அங்கும் மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. ஆனால் 1911 முதலே தொழிலாளர்களுக்கு அரசுக் காப்பீடு இருந்தது. குண்டுவீச்சை எதிர்பார்த்து 1939 முதல் மருத்துவமனைகளின் செலவை அரசு ஏற்றுக்கொண்டிருந்தது. 1945இல் பெரும்பான்மையோடு வந்த தொழிற்கட்சிக்கு, நாடாளுமன்ற முறையில், சட்டத்தைத் தடுக்கத் தனியே ஒரு காங்கிரஸ் இல்லை. சுகாதார அமைச்சர் அனூரின் பெவன் மருத்துவர்களுக்குச் சில சலுகைகள் கொடுத்து, 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கினார். இரு நாடுகளையும் ஒரே அதிர்ச்சி தாக்கியது. ஏற்கெனவே இருந்த அமைப்புகள் வேறாக இருந்ததால் விளைவும் வேறானது.

பாதை தானாக இறுகிவிடாது. யாராவது அதை இறுக்க வேண்டும். அமெரிக்காவில் இறுக்கியவர்களைப் பெயர் சொல்லியே காட்டலாம். வரிச்சலுகை 1954இல் சட்டத்திலேயே ஏறியது. 20 சதவீதம் வரி கட்டும் தொழிலாளிக்கு 100 டாலர் சம்பளமாக வந்தால் மிஞ்சுவது 80. அதே 100 டாலர் காப்பீடாக வந்தால் முழுதும் அவருக்குப் பயன்படும். காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இது வசதி. ஆலையில் வேலை செய்யும் உடல்நலமுள்ள ஆயிரம் பேரை ஒரே பத்திரத்தில் சேர்த்துவிடலாம். மருத்துவமனைகள் அந்தப் பணத்தை நம்பி விரிந்தன. நல்ல காப்பீடு பெற்றுத் தந்தது சங்கங்களின் பெருமையானது. எல்லாவற்றுக்கும் மேலாக, சீர்திருத்தத்துக்காகக் குரல் கொடுக்கக்கூடிய நடுத்தரத் தொழிலாளர் குடும்பங்களுக்குக் காப்பீடு கிடைத்துவிட்டது. வெளியே நின்றவர்கள் முதியோரும் ஏழைகளும். 1965இல் ஜான்சன் ஆட்சி அவர்களுக்கென்று மெடிக்கேர், மெடிக்கெய்ட் திட்டங்களைக் கொண்டுவந்தது. அது பெரிய சாதனைதான். ஆனால் பழைய கட்டடம் விட்ட இடைவெளியை நிரப்பியதால் கட்டடம் இன்னும் உறுதியானது.

இந்த விளக்கத்தைக் கனடாவை வைத்துச் சோதிக்கலாம். 1960களின் தொடக்கத்தில் அங்கும் கணிசமான மக்களிடம் தனியார் காப்பீடு இருந்தது. அப்படியிருந்தும் 1966இல் எல்லோருக்குமான மருத்துவச் சட்டம் நிறைவேறியது. அப்படியானால் பாதைச் சார்பு பொய்யா? வரிசையைக் கவனித்தால் விடை கிடைக்கும். சஸ்காட்சுவான் மாகாணம் 1947லேயே அரசு மருத்துவமனைக் காப்பீட்டைத் தொடங்கியிருந்தது. 1957இல் மத்திய அரசு அதை நாடு முழுக்க ஊக்குவித்தது. 1962இல் அதே மாகாணம் மருத்துவர் கட்டணத்தையும் சேர்த்தபோது மருத்துவர்கள் மூன்று வாரங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தும் திட்டம் நிலைத்தது. தனியார் காப்பீடு வேரூன்றும் முன்பே செலவின் பெரும்பகுதியான மருத்துவமனைப் படுக்கை அரசின் பக்கம் வந்திருந்தது. பிரிட்டன், கனடா, அமெரிக்கா மூன்றையும் ஒப்பிட்ட ஜேக்கப் ஹேக்கர் அழுத்திச் சொல்வதும் இந்த வரிசையைத்தான்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பாதைச் சார்பு என்றால் எதுவும் மாறாது என்று பொருளல்ல. நிறுவனங்கள் பழைய சட்டத்தின் மேல் புதிய அடுக்குகள் ஏறியும், சூழல் மாறும்போது சட்டம் மாறாமல் நின்றும் மெதுவாக உருமாறும் என்று கேத்லீன் தெலன் போன்றவர்கள் காட்டியிருக்கிறார்கள். 2010இல் ஒபாமா கொண்டுவந்த சட்டம் அத்தகைய அடுக்கு. வேலைவழிக் காப்பீட்டைத் தொடாமல், வெளியே நின்ற கோடிக்கணக்கானவர்களை அது உள்ளே கொண்டுவந்தது. 2017இல் அதை நீக்க முயன்றவர்கள் செனட்டில் தோற்றார்கள். ஏழே ஆண்டுகளில் அந்த அடுக்கும் தனக்கென்று ஆதரவாளர்களைச் சேர்த்துவிட்டது.

ஆனால் பழைய பாதையின் மையத்தை ஒபாமாவின் சட்டம் ஒரே இடத்தில் தொட்டது. நிறுவனங்கள் தரும் மிக விலையுயர்ந்த காப்பீடுகளுக்கு 40 சதவீத வரி என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. 1943 முதல் வந்த வரிச்சலுகையைக் கொஞ்சம் சுருக்கும் முயற்சி அது. பொருளாதார அறிஞர்கள் பலர் வரவேற்றார்கள். முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒன்றாக எதிர்த்தார்கள். 2018இல் தொடங்க வேண்டிய வரி இரண்டு முறை தள்ளிப்போனது. எதிலும் ஒத்துப்போகாத இரு கட்சிகளும் 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 419க்கு 6 என்ற வாக்குகளில் அதை ரத்து செய்ய ஒப்புக்கொண்டன. அந்த டிசம்பரில் வரி சட்டப்படி நீங்கியது. அதன் பெயரில் ஒரு டாலர்கூட வசூலாகவில்லை.