முக்கோணமாவதற்கு முன்பே

பொறியாளர் அனுப்பும் STEP கோப்பில் பொதுவாக முக்கோணங்களே இருக்காது. ஒரு உருளை என்றால் அதன் அச்சு, ஆரம், எல்லைகள் ஆகியவைதான் பதிவாகியிருக்கும். ரெண்டர் மென்பொருளோ முக்கோணங்களைக் கேட்கிறது. வளைந்த பரப்பை அப்படித் துண்டாக்குவதுதான் டெஸலேஷன். பலர் இயல்பாக இருக்கும் அமைப்பிலேயே மாற்றிவிட்டு, கோடிக்கணக்கில் முக்கோணங்கள் வந்த பிறகு குறைக்க வழி தேடுகிறார்கள். குறைக்க வேண்டிய இடம் அதற்கு முந்தைய படி.

2 மீட்டர் அகலமுள்ள ஒரு கன்வேயரை எடுத்துக்கொள்வோம். அதில் 400 எம்8 போல்ட்டுகள், 400 மி.மீ. ஆரமுள்ள ஒரு டிரம். படம் 4000 பிக்சல் அகலம். அப்படியானால் ஒரு பிக்சல் அரை மி.மீ.க்குச் சமம். உண்மையான வளைவிலிருந்து முக்கோணம் கால் மி.மீ. விலகினாலும் அது அரை பிக்சல்தான், கண்ணுக்குத் தெரியாது. எனவே விலகல் வரம்பு 0.25 மி.மீ. போதும். வட்டத்தை எத்தனை பக்கமாக உடைக்க வேண்டும் என்பதை இந்தச் சூத்திரம் சொல்லும். s விலகல், r ஆரம், n பக்கங்கள்:

```
s = r × (1 − cos(π/n))
```

டிரம்முக்கு 89 பக்கங்கள் வருகின்றன, நல்லது. ஆனால் 4 மி.மீ. ஆரமுள்ள போல்ட்டுக்கு வெறும் 9. விளிம்பில் அது தெரியாவிட்டாலும், ஒளி படும்போது பட்டை பட்டையாகத் தெரியக்கூடும். அதனால்தான் கோண வரம்பு என்று இரண்டாவது ஒன்று இருக்கிறது. 20 பாகை என்று வைத்தால் எந்த வட்டமும் 18 பக்கத்துக்குக் குறையாது. பெரிய வளைவை விலகல் வரம்பும், சிறிய வளைவைக் கோண வரம்பும் காக்கின்றன. ஃப்ரீகேடில் இவ்விரண்டையும் இப்படிக் கொடுக்கலாம் (கோணம் ரேடியனில், 0.35 என்பது ஏறக்குறைய 20 பாகை):

```python
import MeshPart
m = MeshPart.meshFromShape(Shape=obj.Shape,
    LinearDeflection=0.25, AngularDeflection=0.35)
```

இப்போது போல்ட்டின் மரையைப் பாருங்கள். 25 மி.மீ. நீள மரையில், 1.25 மி.மீ. இடைவெளியில் 20 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் நான்கு பரப்புகள், 18 பக்கங்கள், பக்கத்துக்கு இரண்டு முக்கோணங்கள். ஆக, ஒரு போல்ட்டின் மரைக்கு மட்டும் குறைந்தது 2,880. நானூறுக்கும் சேர்த்து 11,52,000. விலகல் வரம்பை 0.01 மி.மீ. என்று இறுக்கியிருந்தால் இது 28,80,000 ஆகியிருக்கும். மரை பெரும்பாலும் நட்டுக்குள் மறைந்துதான் இருக்கும். கேட் மென்பொருளிலேயே மரையை எடுத்துவிட்டு வெறும் தண்டாக்கினால், அந்தத் தண்டின் பக்கச் சுவருக்கு 36 முக்கோணங்கள் போதும். அதோடு 400 போல்ட்டும் ஒரே மெஷ்ஷைப் பகிர வேண்டும். STL வழியே போனால் இந்தப் பகிர்வு போய்விடும். ஒவ்வொரு போல்ட்டும் தனித்தனியாக எழுதப்படும். glTF பகிர்வைத் தாங்கும்.

அடுத்தது இரட்டைப் பரப்பு. துணை அசெம்பிளியில் ஒரு மோட்டார், அதே மோட்டார் முதன்மை அசெம்பிளியிலும் அதே இடத்தில்: பல கைகள் மாறி வரும் கோப்புகளில் இது அடிக்கடி நடக்கிறது. கேமராவைச் சுழற்றும்போது பரப்பு மினுங்கினால் சந்தேகப்படுங்கள். ஒரு பார்ட்டை மறைத்துப் பாருங்கள். அதே பார்ட் இன்னும் அங்கேயே நின்றால் இரட்டைதான். இரண்டுக்கும் ஒரே நிறம் என்றால் மினுங்கல்கூடத் தெரியாமல் எண்ணிக்கை மட்டும் இரட்டிப்பாகும்.

மெஷ் ஆன பிறகு முனைகளை ஒப்பிட்டு இதைத் தேடுவது நம்பகமானதல்ல. இரண்டு பிரதிகளும் வெவ்வேறு வரம்பில் உடைக்கப்பட்டிருந்தால் முனைகள் பொருந்தாது. பிளெண்டரின் Merge by Distance கட்டளையில் தூரத்தைக் கூட்டிப் பார்ப்பது இன்னும் ஆபத்து: அரை மி.மீ. தகட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒட்டிக்கொள்ளும். முக்கோணமாக்கும் முன்பே ஒவ்வொரு பார்ட்டின் கன அளவு, எல்லைப்பெட்டி, மையம் மூன்றையும் அசெம்பிளியில் அது இருக்கும் இடத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்துப்போனால் அந்தச் சோடியைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்து ஒன்றை நீக்கலாம். வேறு இடத்தில் நிற்கும் போல்ட் இதில் சிக்காது. அதன் மையம் வேறு.

இவ்வளவுக்குப் பிறகும் முக்கோணங்கள் மிகுந்தால் டெசிமேட் செய்யலாம்தான். ஆனால் கேட் மெஷ்ஷில் ஒல்லியான நீள முக்கோணங்கள் நிறைய இருக்கும். அவற்றைச் சுருக்கும்போது துளைகள் வட்டம் இழக்கும், தட்டையான முகங்களில் கறுப்புத் தீற்றல் விழும். மூலப் பரப்பிலிருந்து கணக்கிட்டுக் கோப்போடு வந்த நார்மல்களும் கெடும். அந்த நார்மல்கள்தான் 18 பக்க உருளையையும் வழுவழுப்பாகக் காட்டுபவை. அதனால் டெசிமேட்டை விட்டுவிட்டு, அந்தப் பார்ட்டை மட்டும் தளர்ந்த வரம்புகளோடு STEP கோப்பிலிருந்து மறுபடி எடுங்கள்.