சொல்லுக்குள் ஒரு வரிசை

‘வரமுடியாதவர்களுக்காகவும்’ என்பது தமிழில் ஒரே சொல்லாக எழுதக்கூடியது. ஒரு கூட்டத்தில் “வரமுடியாதவர்களுக்காகவும் சாப்பாடு எடுத்து வை” என்று சொன்னால் யாரும் தயங்குவதில்லை. இதையே ஆங்கிலத்தில் சொல்ல ‘ஆல்சோ ஃபார் தோஸ் ஹூ கெனாட் கம்’ என்று ஆறு சொற்கள் வேண்டும்.

தமிழ்ச்சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். ‘வர’ என்பது செயல். ‘முடியாத’ என்பது இயலாமை. அதன் கடைசியில் உள்ள அகரம்தான் அடுத்து வரும் பெயரோடு இணைக்கும் பெயரெச்ச விகுதி. ‘அவர்கள்’ ஆட்களைக் குறிக்கிறது. ‘கு’ நான்காம் வேற்றுமை உருபு. முன்னால் உள்ள உகரம் சாரியை. பிறகு ‘ஆக’, கடைசியில் ‘உம்’. இப்போது ஆங்கிலத்தைப் பின்னாலிருந்து படியுங்கள்: கம், கெனாட், ஹூ, தோஸ், ஃபார், ஆல்சோ. அப்படியே தமிழ் வரிசை! ஆங்கிலம் முன்னால் தனித்தனியாக நிறுத்துவதைத் தமிழ் பின்னால் ஒட்டிக்கொண்டே போகிறது. இப்படி அமைந்த மொழியை ஒட்டுநிலை மொழி என்பார்கள்.

ஒட்டுகளின் இடத்தை மாற்ற முடியாது. ‘வீடுகளை’ என்போம், ‘வீடைகள்’ என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. பன்மை முதலில், வேற்றுமை பிறகு. சொல்லுக்குள் இவ்வளவு கண்டிப்பு இருப்பதால்தான் வாக்கியத்தில் நமக்குச் சுதந்திரம் கிடைக்கிறது. ‘பூனை நாயைத் துரத்தியது’, ‘நாயைப் பூனை துரத்தியது’ இரண்டும் ஒரே செய்திதான். அழுத்தம் மட்டுமே மாறும். துரத்தப்பட்டது எது என்பதை ‘ஐ’ சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘கேட்’, ‘டாக்’ இரண்டையும் இடம் மாற்றினால் துரத்தியதும் ஓடியதும் தலைகீழாகிவிடும். அங்கே சொல் நிற்கும் இடமே உருபின் வேலையைச் செய்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, தமிழிலும் உருபு மறையும்போது நேர்வதுதான். ‘அக்கா பூ வாங்கினாள்’ என்கிறோம், ‘ஐ’ இல்லை. பூ எதையும் வாங்காது என்பதால் குழப்பமும் இல்லை. ஆனால் ‘புலி மாடு துரத்தியது’ என்றால் கேட்பவர் திகைப்பார். இந்தச் சிக்கலை நம் இலக்கணிகள் நெடுங்காலம் முன்பே கண்டுகொண்டார்கள். ‘புலி கொன்ற யானை’ என்றால் யானை செத்ததா, புலி செத்ததா? இரண்டுக்கும் இடமுண்டு. தொல்காப்பியம் இத்தகைய தொடருக்குத் தடுமாறு தொழிற்பெயர் என்றே பெயரிட்டிருக்கிறது. தடுமாற்றம் தீர ஓர் ஒட்டுப் போதும். ‘புலியைக் கொன்ற யானை’ என்றால் புலி செத்தது. ‘புலியால் கொல்லப்பட்ட யானை’ என்றால் யானை செத்தது. பத்திரிகைத் தலைப்பு எழுதுவோர் இடம் மிச்சமாக ‘ஐ’யை வெட்டும்போது இந்த யானையை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.